அனுமதி வந்தால்தான் கிரையம்: முன்நிபந்தனையுள்ள விற்பனை ஒப்பந்தம், ஒரு டெல்லி வழக்கின் வழியாக

அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் டெல்லியில் ஒரு வீடு. அதன் உரிமையாளர் 1956-இல் அதை விற்க ஒப்பந்தம் போட்டார். நிலம் அரசுடையது என்பதால் முதன்மை ஆணையரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அனுமதியை விற்பவர் இரண்டு மாதத்துக்குள் வாங்கித் தரவேண்டும், அதற்குள் வராவிட்டால் வாங்குபவர்கள் கெடுவை நீட்டிக்கலாம் அல்லது ஒப்பந்தத்தை ரத்தானதாகக் கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அனுமதி வரவில்லை. வாங்குபவர்கள் இன்னும் ஒரு மாதம் நீட்டித்துக் கொடுத்தார்கள். விற்பவர் விண்ணப்பம் போட்டார். பிறகு அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஏற்றதை ஆற்றும்படி ஆணையிடக் கோரி வாங்குபவர்கள் வழக்குத் தொடுத்தபோது விற்பவர் தரப்பின் முக்கிய வாதம் இதுதான்: இந்த ஒப்பந்தம் முதன்மை ஆணையரின் அனுமதி என்ற நிகழ்வைச் சார்ந்தது. அந்த நிகழ்வு நடக்கவில்லை. ஆகவே ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கவே முடியாது.

'சாந்தினி வித்யாவதி மாடன் எதிர் டாக்டர் சி.எல். கத்தியால்' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போய், 1964-ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பில் 978-ஆம் பக்கத்தில் வெளியான வழக்கு இது. அனுமதியையோ உரிமத்தையோ நம்பி நிற்கும் விற்பனை வழக்குகளில் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். விற்பவரின் வாதம் முதல் பார்வையில் சரியாகவே தெரியும். அது எங்கே உடைகிறது என்பதைப் புரிந்துகொண்டால், வங்கிக் கடனை நம்பிப் போடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதவேண்டும் என்பதும் தெளிவாகும்.

விற்பவர் எதைப் பிடித்துக்கொண்டார்

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 31 முதல் 36 வரையான பிரிவுகள் நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தங்களைப் பற்றியவை. வக்கீல்கள் பேச்சில் இதை 'கன்டிஞ்சென்ட் கான்ட்ராக்ட்' என்றே சொல்வார்கள். ஒப்பந்தத்துக்குப் புறம்பான ஒரு நிகழ்வு நடந்தாலோ நடக்காமல் போனாலோ மட்டும் ஒன்றைச் செய்வதாக அல்லது செய்யாதிருப்பதாக ஒப்புக்கொள்வது அது என்கிறது 31-ஆம் பிரிவு. 32-ஆம் பிரிவின்படி அந்த நிகழ்வு நடக்கும்வரை ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி கேட்க முடியாது. நிகழ்வு நடக்கவே முடியாது என்று ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். நிகழ்வுக்குக் கெடு வைத்திருந்து அது நடக்காமலே கெடு தாண்டினாலும் அதே முடிவுதான் என்கிறது 35-ஆம் பிரிவு.

விற்பவர் 32-ஆம் பிரிவின் மேல்தான் நின்றார். விசாரணை நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. வாங்குபவர்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார்கள், விற்பவர்தான் தக்க காரணமின்றித் தவறினார் என்று கண்ட பிறகும், ஒப்பந்தம் அனுமதியைச் சார்ந்தது என்பதால் கிரையம் செய்து கொடுக்கும்படி ஆணையிட மறுத்துவிட்டது.

வாதம் உடைந்த இடம்

உயர் நீதிமன்றம் இதை மாற்றியது, உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 31-ஆம் பிரிவு சொல்லும் நிகழ்வு ஒப்பந்தத்துக்குப் புறம்பானதாக இருக்கவேண்டும். இந்த ஒப்பந்தத்திலோ அனுமதி வாங்கித் தருவது விற்பவர் தலையில் சுமத்தப்பட்ட கடமை. தான் செய்வதாக ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, 'நிகழ்வு நடக்கவில்லையே' என்று அவரே சொல்ல முடியாது.

இதற்கு நீதிமன்றம் துணைக்கு எடுத்துக்கொண்டது அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1930-இல் தீர்த்த 'மோதிலால் எதிர் நன்ஹேலால்' வழக்கை. மத்திய மாகாணங்களில் சாகுபடி உரிமையோடு நிலத்தை மாற்றிக் கொடுக்க வருவாய் அதிகாரியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அதைப் பெற யார் என்ன செய்யவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. எழுதாவிட்டாலும், விற்பதாக ஒப்புக்கொண்டவர் கைமாற்றத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் செய்வார் என்ற உறுதிமொழி ஒப்பந்தத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, ஒப்புதலுக்கு விண்ணப்பிப்பதும் அதில் சேரும் என்றது பிரிவி கவுன்சில்.

அதிகாரி ஒருவேளை மறுத்துவிட்டால்? இங்கேதான் தீர்ப்பு மிகவும் பயன்படுகிறது. அனுமதி வந்தால் வாங்குபவர்கள் தீர்ப்பாணையை நிறைவேற்றிக்கொள்ளலாம். மறுக்கப்பட்டால் நிறைவேற்ற முடியாமல் போகலாம். ஆனால் மறுக்கப்படக்கூடும் என்பதற்காகத் தீர்ப்பாணையே கொடுக்காமல் இருக்கத் தேவையில்லை. ஆகவே விற்பவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும், வந்ததும் கிரையம் செய்து கொடுக்கவேண்டும் என்ற வடிவில் ஆணை நின்றது. அனுமதியை நம்பியிருக்கும் விற்பனையில் வழக்குப் போடுகிறவர்கள் கோரிக்கைப் பகுதியில் இந்த இரண்டு படிகளையும் தனித்தனியே கேட்கவேண்டும். 'கிரையம் செய்து தர ஆணையிடுக' என்று மட்டும் கேட்டால், விண்ணப்பம் போடச்சொல்லும் முதல் படிக்காகத் தீர்ப்பாணையை நிறைவேற்றும் கட்டத்தில் மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு எல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டம் 'அனுமதியோடு விற்கலாம்' என்று சொல்லும் இடத்துக்குத்தான் இந்தத் தீர்ப்பு பொருந்தும். 'இத்தனை ஆண்டுகளுக்கு விற்கவே கூடாது' என்று சட்டம் தடை போட்டிருக்கும் நிலத்துக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டு, தடை நீங்கினால் கிரையம் என்று ஒரு வரி சேர்த்தால் அது இதற்குள் வராது. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் 15 ஆண்டுகளுக்கு விற்கத் தடை விதித்திருந்த நிலம் பற்றிய 'நாராயணம்மா எதிர் கோவிந்தப்பா' வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குக் கைகொடுக்க மறுத்தது. ஒப்பந்தம் எழுதும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி, அனுமதி தர யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா என்பது. அதிகாரி யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று சொல்ல முடியாவிட்டால் அது அனுமதி அல்ல, தடை.

அனுமதி வரும்வரை பணம் யார் கையில்

1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த 'நாதுலால் எதிர் பூல்சந்த்' வழக்கு அடுத்த படியைக் காட்டுகிறது. பஞ்சாலை ஒன்றும் அதன் நிலமும் 43,011 ரூபாய்க்குப் பேசப்பட்டன. 22,011 ரூபாய் கொடுத்து வாங்குபவர் அனுபவத்துக்கும் வந்துவிட்டார். மீதி 21,000 ரூபாய்க்கு 1951 மே 7 கெடு. நிலமோ வருவாய்ப் பதிவேட்டில் விற்பவரின் சகோதரர் பெயரில் இருந்தது. விவசாயி அல்லாதவருக்கு அந்த நிலத்தை விற்க மாநில அரசின் அனுமதியும் வேண்டியிருந்தது. மீதிப் பணம் கெடுவுக்குள் வரவில்லை என்று சொல்லி விற்பவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

நீதிமன்றம் கடமைகளின் வரிசையைப் பார்த்தது. பதிவேட்டைச் சரிசெய்வதும் அனுமதி வாங்குவதும் விற்பவர் வேலை. அவை முடிந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுக்கும் கடமை பிறக்கிறது. அவர் தன் வேலையை முடிக்காதபோது, பணம் வரவில்லை என்பதைக் காரணமாக்கி ரத்து செய்ய முடியாது. வாங்குபவர் தயாராக இருந்தார் என்று காட்டப் பணக்கட்டைக் கொண்டுவந்து வைக்கத் தேவையில்லை, முடிவான நிதி ஏற்பாட்டை நிரூபிக்கவும் தேவையில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றது. அதற்காக வசதியே இல்லாதவர் தயாராக இருந்ததாகிவிடாது. 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 16(சி) பிரிவின்படி தயார்நிலையை நிரூபிக்கும் சுமை வாங்குபவர் மேல்தான் இருக்கிறது. சேமிப்பு, வருமானம், கடன் பெறும் தகுதி என்று பணம் புரட்டக்கூடிய வழியை அவர் ஆவணத்தோடு காட்டவேண்டும்.

கடன் என்றால் கதை தலைகீழ்

அரசு அனுமதியில் முயற்சி விற்பவருடையது. வங்கிக் கடனில் முயற்சி வாங்குபவருடையது. எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு கேட்பது, எந்தத் தாளை எப்போது கொடுப்பது என்று எல்லாமே அவர் கையில். அதனால் 'கடன் கிடைத்தால் வாங்குகிறேன்' என்ற வரி, கவனமில்லாமல் எழுதினால் 'மனமிருந்தால் வாங்குகிறேன்' என்று ஆகிவிடும். விற்பவர்கள் இந்த நிபந்தனைக்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

வாங்குபவருக்கும் அது தெளிவில்லாத வரிதான். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வீட்டின் விலை 60 லட்சம். முன்பணம் 6 லட்சம். கையில் இன்னும் 9 லட்சம் இருக்கிறது. மீதி 45 லட்சம் கடன். ஒப்பந்தத்தில் உள்ள வரி: 'வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைத்ததும் 90 நாளில் கிரையம்.' விலையில் 75 விழுக்காடுதானே கடன், கிடைத்துவிடும் என்று இருவரும் நம்புகிறார்கள்.

வங்கி பேசிய விலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவதில்லை. தன் மதிப்பீட்டாளரை அனுப்பி மதிப்புப் பார்க்கிறது. அவர் 52 லட்சம் என்று எழுதிவிட்டார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, மதிப்பில் 80 விழுக்காடுதான் உச்சவரம்பு என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. 52 லட்சத்தில் 80 விழுக்காடு 41 லட்சத்து 60 ஆயிரம். குறைவது 3 லட்சத்து 40 ஆயிரம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் தனி. இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு அவற்றை மதிப்போடு சேர்த்துக் காட்டிக் கடன் கேட்கவும் முடியாது.

இப்போது கடன் கிடைத்ததா, கிடைக்கவில்லையா? கிடைத்தது என்பார் விற்பவர், கடிதம் வந்துவிட்டதே. கிடைக்கவில்லை என்பார் வாங்குபவர், கிரையத்துக்குப் போதவில்லையே. ஒப்பந்தத்தின் வரி இருவரில் யாருக்கும் பதில் சொல்லாது.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1982-இல் 'மீஹன் எதிர் ஜோன்ஸ்' வழக்கில் இதற்கு நெருக்கமான ஒன்றைப் பார்த்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை விற்பனை, வாங்குபவருக்குத் திருப்தியான நிபந்தனைகளில் நிதி ஒப்புதல் கிடைக்கவேண்டும் என்பது வரி. இது தெளிவில்லாததால் செல்லாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்குபவர் திருப்தி அடைந்தாரா என்பதில் அவர் நேர்மையாக நடக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வரி செல்லும் என்றது. இங்கிலாந்திலோ 1972-இல் 'லீ-பார்க்கர் எதிர் இஸெட்' இரண்டாம் வழக்கில், திருப்தியான அடமானக் கடன் கிடைக்கவேண்டும் என்ற வரி தெளிவற்றது என்று தள்ளப்பட்டது. ஒரே மாதிரி வரிக்கு இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு முடிவுகள். 'திருப்தியான' என்ற சொல்லை ஒப்பந்தத்தில் எழுதி முன்பணத்தை அதன்மேல் வைப்பது வேண்டாத ஆபத்து என்பதே எங்கள் கருத்து.

ஏன் மறுத்தார்கள் என்பதுதான் பிரச்சினை

வங்கி மறுப்பதற்கான காரணங்களில் இரண்டு வகையை முக்கியமாகப் பிரிக்கவேண்டும். வருமானம் போதவில்லை, பழைய கடன் தவணை தவறியிருக்கிறது, கடன் மதிப்பெண் குறைவு என்பவை வாங்குபவர் பக்கத்துக் காரணங்கள். தாய்ப்பத்திரம் இல்லை, கட்டட வரைபட அனுமதிக்கு மேல் ஒரு மாடி எழுப்பியிருக்கிறார்கள், வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் தீர்க்கப்படாமல் நிற்கிறது என்பவை சொத்தின் காரணங்கள். இரண்டாவது வகையில் வங்கி வக்கீலின் கருத்துரை சொல்வது, உரிமையில் குறை இருக்கிறது என்பதைத்தான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறைகளைச் சொல்லவும், கேட்ட ஆவணங்களைப் பார்வைக்குக் கொடுக்கவும் விற்பவர் கடமைப்பட்டவர். எனவே இந்த வகை மறுப்பை 'உங்களுக்குக் கடன் கிடைக்கவில்லை, முன்பணம் போச்சு' என்று வாங்குபவர்மேல் தள்ளக்கூடாது. ஒப்பந்தத்திலேயே இரண்டையும் பிரித்து எழுதினால் பெரும்பாலான சண்டை மூளாது.

இன்னொரு பொறி, எந்தக் கடிதம் 'ஒப்புதல்' என்பது. பல வங்கிகள் வாங்குபவரின் வருமானத்தை மட்டும் பார்த்து முதலில் ஒரு ஒப்புதல் கடிதம் தருகின்றன. சொத்தின் சட்டப் பரிசோதனையும் மதிப்பீடும் பிறகு. அந்த முதல் கடிதத்தைக் காட்டி நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டால், இரண்டு வாரம் கழித்துச் சட்டப் பரிசோதனையில் கடன் நின்றுபோகும்போது வாங்குபவருக்கு வெளியேற வழி இருக்காது.

மேலே உள்ள கற்பனை விற்பனைக்கு நாங்கள் எழுதினால் நிபந்தனை இப்படி இருக்கும்:

'வாங்குபவர் இந்த ஒப்பந்தத் தேதியிலிருந்து 7 நாட்களுக்குள், அட்டவணை வங்கி அல்லது வீட்டுவசதி நிதி நிறுவனம் ஒன்றில் முழு ஆவணங்களுடன் கடனுக்கு விண்ணப்பித்து, அதன் நகலை விற்பவருக்குத் தருவார். சட்டப் பரிசோதனையும் மதிப்பீடும் முடிந்தபின் குறைந்தது 45 லட்சம் ரூபாய்க்கு எழுத்துமூல ஒப்புதல் 60-ஆம் நாளுக்குள் வருவது கிரையத்துக்கு முன்நிபந்தனை. அதற்குள் வராவிட்டால், வாங்குபவர் 63-ஆம் நாளுக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். விற்பவர் 10 நாட்களுக்குள் முன்பணத்தை முழுதும் திருப்பித் தருவார். அவ்வாறு அறிவிக்காவிட்டால், இந்த நிபந்தனையை வாங்குபவர் கைவிட்டதாகக் கொள்ளப்படும். விண்ணப்பிக்காமலோ, கேட்ட ஆவணம் தராமலோ, தவறான தகவல் தந்தோ வாங்குபவரே ஒப்புதலைக் கெடுத்திருந்தால், இந்த நிபந்தனையின் பலன் அவருக்கு இல்லை. சொத்தின் உரிமை அல்லது கட்டட அனுமதியில் உள்ள குறையால் கடன் மறுக்கப்பட்டால், முன்பணத்தோடு வாங்குபவரின் வங்கிக் கட்டணமும் வக்கீல் செலவும் விற்பவர் தருவார்.'

தேதிகளும் தொகையும் ஒவ்வொரு விற்பனைக்கும் மாறும். 'கைவிட்டதாக' என்ற வரி எதற்கு? கடன் நிபந்தனை வாங்குபவரின் பாதுகாப்புக்காக மட்டும் வைத்தது. குறையும் 3 லட்சத்து 40 ஆயிரத்தை அவர் நகையை வைத்தோ உறவினரிடமோ புரட்டிக்கொண்டு கிரையத்துக்கு வந்தால், 'கடன்தான் வரவில்லையே, ஒப்பந்தம் முடிந்தது' என்று விலை ஏறிய சந்தையில் விற்பவர் நழுவ இடம் கொடுக்கக்கூடாது. அரசு அனுமதி அப்படியல்ல. சட்டம் கேட்கும் அனுமதியை இருவரும் சேர்ந்தாலும் கைவிட முடியாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரே பத்தியில் 'அனுமதியும் கடனும் கிடைத்தால்' என்று இணைத்து எழுதுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. வெவ்வேறு பத்தி, வெவ்வேறு கெடு, வெவ்வேறு பொறுப்பாளி வேண்டும்.

கெடு தாண்டினால் நீதிமன்றம் இரக்கப்பட்டு நீட்டும் என்று நம்பக்கூடாது. மலாயாவில் ரப்பர் தோட்ட விற்பனை ஒன்று, சில குத்தகைகளை விற்பவர் புதுப்பித்துத் தருவதை நிபந்தனையாகக் கொண்டிருந்தது. கிரையத்துக்குக் குறித்த நாள்வரை புதுப்பிப்பு வரவில்லை. 'அபர்ஃபாயில் பிளான்டேஷன்ஸ் எதிர் செங்' என்ற அந்த வழக்கில் பிரிவி கவுன்சில், நிபந்தனையுள்ள ஒப்பந்தத்தில் கிரையத் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதிக்குள் நிபந்தனை நிறைவேறியாகவேண்டும் என்றது. வாங்குபவர் வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்றார். நீட்டிப்பு வேண்டுமென்றால் கெடு முடியும் முன்பே இருவரும் எழுத்தில் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும்.

முறிந்தபின்

நிபந்தனை யார் தவறும் இல்லாமல் தோற்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு வருகிறது: செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும். ஒரு தரப்பே மற்றவரைத் தடுத்திருந்தால் 53-ஆம் பிரிவு. தடுக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டு நட்டஈடும் கேட்கலாம். 56-ஆம் பிரிவின் 'நிறைவேற்ற இயலாமை'யை இங்கே இழுக்கத் தேவையில்லை. முடிவு எப்போது என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தால் அது 32-ஆம் பிரிவின் விஷயம் என்பதை 1954-இலேயே 'சத்தியபிரத கோஷ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது.

வாங்குபவர் தரப்பு வழக்கில் இரண்டு இடங்கள் கவனிக்காமல் விடப்படுகின்றன. கிரையம் கேட்கும் வழக்கில், அது மறுக்கப்பட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தரும்படி தனியே கேட்கவேண்டும். குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கேட்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் ஆணையிடாது என்கிறது. விட்டுப்போயிருந்தால் வழக்கின் எந்த நிலையிலும் மனுவைத் திருத்திச் சேர்க்கலாம். அடுத்தது காலவரம்பு. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 54-ஆவது உறுப்பின்படி, நிறைவேற்றத்துக்குக் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டு. தேதி குறிக்காவிட்டால் மறுப்பு தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. 'அனுமதி வந்தபின் கிரையம்' என்று எழுதியிருந்தால் அது குறித்த தேதியா? அடமானம் மீட்டபின் கிரையம் என்ற ஒப்பந்தத்தில், மீட்ட நாளே குறித்த தேதி என்று 1989-இல் 'ரம்ஜான் எதிர் ஹுஸைனி' வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்ததால், காலம் கடந்து வந்த வாங்குபவர் தோற்றார். 2009-இல் 'அகமத்சாகப் அப்துல் முல்லா' வழக்கில், குறித்த தேதி என்றால் நாட்காட்டித் தேதி என்றது அதே நீதிமன்றம். இந்த இழுபறியில் நம் வழக்கைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அனுமதிக் கடிதம் வந்த நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று ஆண்டைக் கணக்கிட்டு அதற்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடவேண்டும்.